செவிப்பறையைப் பார்த்தல்: நிறத்தை நம்புவதற்கு முன் கைப்பிடியைத் தேடுங்கள்

திருகோணமலையில் மாரி தொடங்கினால் சளியும் காதுக்குத்தும் சேர்ந்தே வரும். நான் இங்கு வேலைக்கு வந்த முதல் மாரியில், ஓட்டோஸ்கோப்பால் சிவப்பு நிறத்தைக் கண்ட காதுகளையெல்லாம் நடுக்காது அழற்சி என்று எழுதிக்கொண்டிருந்தேன். என் பிழையை மூத்த வைத்தியர் ஒருவர் ஒரே குழந்தையின் இரண்டு காதுகளைக் கொண்டு திருத்தினார். அந்தக் குழந்தையின் கதை கீழே வருகிறது. அதற்கு முன், அவர் எனக்குக் காட்டிய பார்க்கும் முறையை, இப்போதுதான் கருவியைக் கையில் எடுத்திருக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் தாதியர்களுக்குமாக எழுதுகிறேன்.

கருவியும் பிடியும்

மின்கலம் வலுவாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒளி மங்கி மஞ்சளாகிவிட்டால், நல்ல செவிப்பறையும் பின்னால் நீர் கட்டியதைப் போல மஞ்சளாகவே தோன்றும். நான் வெள்ளை ஒளி தரும் எல்.ஈ.டி. விளக்கையும், பக்கத்தில் காற்றூதும் ரப்பர் குமிழைப் பொருத்தக்கூடிய தலையையும் விரும்புகிறேன். விலையுயர்ந்த தலையா, மலிவானதா என்பது அவ்வளவு முக்கியமில்லை. குமிழ் பொருந்தாத கருவியை மட்டும் வாங்காதீர்கள்.

ஸ்பெக்குலத்தைத் தெரிவு செய்யும்போது, அந்தக் காதுக்குள் நோகாமல் போகக்கூடியவற்றில் மிகப் பெரியதை எடுக்க வேண்டும். புதியவர்கள் பயத்தில் மிகச் சிறியதை எடுப்பார்கள். அது ஆழமாகப் போய்க் குத்தும், பார்வையும் சாவித் துவாரத்தினூடு பார்ப்பது போலக் குறுகிவிடும். வளர்ந்தவர்களுக்கு 4 அல்லது 5 மில்லிமீற்றரும், சிறு பிள்ளைகளுக்கு 2.5 அல்லது 3 மில்லிமீற்றரும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வலது காதை வலது கையாலும் இடது காதை இடது கையாலும் பாருங்கள். கருவியைப் பேனையைப் போலப் பிடித்து, சுண்டுவிரல் பக்கத்தை நோயாளியின் கன்னத்தில் ஊன்றிவிட்டால், குழந்தை திடீரென்று தலையைத் திருப்பினாலும் கையும் கருவியும் தலையோடு சேர்ந்தே நகரும். ஊன்றாத கைதான் காதைக் காயப்படுத்துகிறது. குழந்தையைத் தாய் மடியில் பக்கவாட்டாக இருத்தி, ஒரு கையால் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்தும், மறுகையால் குழந்தையின் இரு கைகளையும் அணைத்தும் பிடிக்கச் சொல்லுங்கள். "அம்மா, இறுக்கிப் பிடியுங்கோ, ஒரு நிமிஷந்தான்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பாதியில் கை தளர்வதில்லை.

நான் தடுக்கிய இடம்

வளர்ந்தவரின் காதுக் குழாய் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் நீளமுடையது, நேரானதன்று. வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனது, அசைந்து கொடுக்கும். உள்ளே இருப்பது எலும்பு, அதன் மேல் தோல் மிக மெல்லியது. ஸ்பெக்குலம் அங்கே பட்டால் நோயாளி துள்ளுவார், ஆகவே அதன் முனை ரோமம் உள்ள வெளிப்பகுதியைத் தாண்டக் கூடாது. குழாயின் வளைவை நிமிர்த்த, வளர்ந்தவர்களின் காதுமடலை மேலும் பின்னும் இழுக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கும் தவழும் பிள்ளைகளுக்கும் பின்னும் கீழுமாக இழுப்பதே பொருந்தும்.

இவையெல்லாம் எனக்குப் பாடமாகத் தெரிந்திருந்தன. ஆனால் உள்ளே நுழைந்ததும் இழுப்பைத் தளரவிட்டுவிடுவேன். குழாய் மீண்டும் வளையும், என் கண் முன் வருவது குழாயின் இளஞ்சிவப்புச் சுவராக இருக்கும், அதையே செவிப்பறை என்று எடுத்துக்கொள்வேன். பார்த்து முடியும் வரை மடலை விடாதீர்கள். சுவர் மட்டுமே தெரிந்தால் ஆழமாகத் தள்ளாமல், முனையை நோயாளியின் மூக்கின் பக்கமாகச் சற்றே சாய்த்துப் பாருங்கள்.

செவிப்பறையைத்தான் பார்க்கிறோமா என்பதை உறுதிப்படுத்தச் சிறந்த அடையாளம் சுத்தியெலும்பின் கைப்பிடி. செவிப்பறையின் மேற்பாதியிலிருந்து நடுப்பகுதி வரை வெண்மையான ஒரு கோடு சாய்வாக இறங்கும், அதன் மேல்முனையில் குறுமுளை என்னும் சிறு வெண்புடைப்பு இருக்கும். கைப்பிடி வலது காதில் கடிகாரத்தின் ஒரு மணித் திசையிலிருந்தும், இடது காதில் பதினொரு மணித் திசையிலிருந்தும் நடுவை நோக்கி வரும். முதலில் அதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டில் ஒன்று: நீங்கள் செவிப்பறையைப் பார்க்கவில்லை, அல்லது செவிப்பறை நோயுற்றிருக்கிறது.

நலமான செவிப்பறை

முத்தின் சாம்பல் நிறம், ஒளி ஊடுருவும் மெல்லிய தன்மை, நடுவில் உள்நோக்கிய மெல்லிய குழிவு. கைப்பிடியின் கீழ்நுனியிலிருந்து ஒளிக்கூம்பு ஒன்று முன்கீழ்ப் பக்கமாக விரியும், வலது காதில் ஐந்து மணித் திசையிலும் இடது காதில் ஏழு மணித் திசையிலும். மணிக்கணக்கு குழப்பினால், அது எப்போதும் முகத்தின் பக்கம் சாயும் என்று நினைவில் வைத்தால் போதும். ஒளிக்கூம்பு தெரியாததை மட்டும் வைத்து நோய் என்று எழுதிவிடாதீர்கள். நலமான சில காதுகளிலும் அது தெளிவாக இராது.

பிறகு ரப்பர் குமிழை மெல்ல அழுத்தி விடுங்கள். நல்ல செவிப்பறை உள்ளே போய் வெளியே வரும், காற்றில் ஆடும் திரைச்சீலையைப் போல. இதற்கு ஸ்பெக்குலம் காதை இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், காற்று கசிந்தால் எந்தச் செவிப்பறையும் அசையாது. முனையைச் சுற்றி மென்மையான ரப்பர் வளையம் ஒன்றை மாட்டுவது என் வழக்கம். அசைவில்லை என்று எழுதுவதற்கு முன், அதே பிடியில் மற்றக் காதை அசைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

மூதூரிலிருந்து வந்த குழந்தை

இரண்டரை வயது, மூன்று நாள் சளி, முதல் நாள் இரவு முழுவதும் காய்ச்சலும் அழுகையும். மடியில் வைத்த கணத்திலிருந்து வீறிட்டு அழுதது. நான் வலது காதைப் பார்த்தேன், செவிப்பறை நன்றாகச் சிவந்திருந்தது. இடது காது சிவப்பில்லாமல் மங்கிய மஞ்சளாக இருந்தது. வலது காதில் நடுக்காது அழற்சி, இடது காது பரவாயில்லை என்று எழுதினேன்.

மூத்தவர் குறிப்பைப் படித்துவிட்டு, "தம்பி, கைப்பிடி எங்க தெரிஞ்சது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. குழந்தை தாயிடம் பால் குடித்து அமைதியான பிறகு இருவரும் திரும்பப் பார்த்தோம். வலது செவிப்பறையின் சிவப்பு பெரும்பாலும் இறங்கியிருந்தது. கைப்பிடி முழுவதும் தெரிந்தது, குழிவு தன்னிடத்தில் இருந்தது, குமிழை அழுத்தியபோது அசைந்தது. அழுகையும் காய்ச்சலும் செவிப்பறையின் இரத்த நாளங்களை விரிவடையச் செய்யும். அங்கே நான் கண்ட சிவப்புக்கு வேறு காரணம் இருக்கவில்லை.

இடது செவிப்பறையில் கைப்பிடியும் இல்லை, குறுமுளையும் இல்லை. சவ்வு வெளிநோக்கிப் பிதுங்கி, நடுவில் கைப்பிடியின் நுனி ஒட்டியிருந்த இடம் மட்டும் பள்ளமாகி, உளுந்து வடையைப் போல இருந்தது. சவ்வுக்கு அப்பால் எதுவும் தெரியாத மங்கல், குமிழுக்கு அசைவே இல்லை. பின்னால் சீழ் நிறைந்திருந்தது. நான் நலமென்று எழுதிய காதுதான் நோயுற்றிருந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வரிசை மாறவில்லை. முதலில் நிலை: பிதுங்கியிருக்கிறதா, உள்ளே இழுபட்டிருக்கிறதா? அடுத்து ஊடுருவும் தன்மை, அதன் பின் அசைவு, கடைசியில் நிறம். பிதுங்காத, நன்றாக அசைகின்ற சிவந்த செவிப்பறைக்கு நான் நடுக்காது அழற்சி என்று பெயர் வைப்பதில்லை.

அதே குழந்தை சில வாரங்கள் கழித்து வந்தபோது காய்ச்சலோ வலியோ இல்லை, ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று தாய் சொன்னார். இப்போது இடது செவிப்பறை உட்பக்கம் இழுபட்டிருந்தது. குறுமுளை கூராகத் துருத்தி நின்றது, கைப்பிடி குறுகிக் கிடையாகத் தோன்றியது, தேன் நிறத்தின் நடுவே இரண்டு காற்றுக் குமிழிகளும் தெரிந்தன. இது சீழன்று, அழற்சி தணிந்த பிறகு தங்கிவிட்ட நீர். இதற்கு மீண்டும் அன்ரிபயோட்டிக் தேவையில்லை, பெரும்பாலும் தானாகவே வடியும். மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் கேட்டல் பரிசோதனையும் நிபுணரின் கருத்தும் வேண்டும்.

துளைகளும் வெண்மைகளும்

செவிப்பறையில் துளையைக் கண்டால் அது விளிம்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். எல்லாப் பக்கமும் சவ்வு எஞ்சியிருக்கும் நடுத்துளை பெரும்பாலும் ஆபத்துக் குறைந்தது. ஆறிய துளையின் மேல் வளர்ந்த மெல்லிய சவ்வும் துளை போலவே ஏமாற்றும், ஆனால் அது குமிழுக்கு மிக எளிதாக அசையும். சுண்ணாம்பு பூசியது போன்ற வெண்திட்டு பழைய அழற்சியின் தழும்பு, பொதுவாக அதற்குச் சிகிச்சை வேண்டியதில்லை.

உண்மையில் அஞ்ச வேண்டிய இடம் குறுமுளைக்கு மேலே இருக்கும் சிறு பகுதி. புதியவர்கள் அங்கே பார்ப்பதே இல்லை. அங்கே பொருக்கோ, வெண்ணிறச் செதில் குவியலோ, உள்ளே இழுபட்ட பையோ இருந்து, காதிலிருந்து துர்நாற்றத்துடன் நீர் வடிந்தால், அது எலும்பை அரிக்கும் கொலஸ்டியட்டோமாவாக இருக்கலாம். பொருக்கைக் குறும்பி என்று நினைத்துக் கிளறாமல் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்புங்கள். காதின் பின்புறம் வீங்கி மடல் முன்தள்ளியிருந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

பின்சேர்க்கை

இதை வாசித்த தாதி ஒருவர், தான் பார்க்கும் காதுகளில் பாதிக்கு மேல் ஒன்றுமே தெரிவதில்லை என்று எழுதியிருந்தார். விசாரித்தபோது தேங்காய் எண்ணெய்தான் காரணம் என்று தெரிந்தது. காதுக்குத்துக்கு எண்ணெய் விட்டுவிட்டு வருவது நம் ஊர்ப் பழக்கம், எண்ணெய்ப் படலம் போலியான ஒளிப் பளபளப்பை உண்டாக்கி, உண்மையான ஒளிக்கூம்பை மறைத்துவிடும். பார்க்கும் முன்பே கேளுங்கள்.

உப்புவெளி, நிலாவெளிக் கடலில் குளித்துவிட்டு வருபவர்களின் காதில் கருவியை நுழைக்கும் முன், காது வாசலின் முன்னால் இருக்கும் சிறு மடிப்பை அழுத்திப் பாருங்கள். அது வலித்தால் குழாயே அழன்றிருக்கிறது, சிறிய ஸ்பெக்குலத்தை மிக மெதுவாக வெளிப்பகுதி வரை மட்டும் கொண்டு செல்லுங்கள். உள்ளே நனைந்த பஞ்சும் அதன் மேல் கரும்புள்ளிகளும் போலத் தெரிந்தால் அது பூஞ்சை. செவிப்பறை தெரியாத காதில், அது துளையற்றது என்று தெரியும் வரை, தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள். குறிப்பில் "செவிப்பறை தெரியவில்லை" என்றே எழுதி, குழாய் ஆறிய பின் மீண்டும் வரச் சொல்லுங்கள்.