சேமித்த வீடியோ ஏன் ஓடவில்லை? பூட்டிய வீடியோவும் நேர்வழிகளும்

சாங்கியிலிருந்து திருச்சிக்கு விமானம் நான்கு மணி நேரத்துக்கு மேல் பறக்கும். வழியில் பார்க்க ஒரு படத்தை லேப்டாப்பில் சேமிக்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்தே பார்ப்போம்.

படி 1: என்ன வருகிறது என்று பாருங்கள்

படத்தை பிரவுசரில் ஓடவிட்டு F12 அழுத்தி, Network பகுதியைத் திறங்கள். ஒரே கோப்பாக எதுவும் வராது. சில வினாடி நீளமுள்ள துண்டுகள் வரிசையாக இறங்கும். ஒரு துண்டைச் சேமித்துத் திறந்தாலும் படம் தெரியாது, ஏனென்றால் அது சாவி இல்லாமல் திறக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டது. சாவி வேறு சர்வரிலிருந்து தனியாக வருகிறது. அந்தச் சாவியை வாங்கி வீடியோவின் பூட்டைத் திறப்பது பிரவுசருக்குள் மூடியிருக்கும் ஒரு பகுதி: குரோமில் Widevine, சஃபாரியில் FairPlay. ஆக, கோப்பை நகலெடுத்தாலும் சாவி அதனுடன் வராது. திரையைப் பதிவு செய்தால் பல கருவிகளில் ஒலி மட்டும் கேட்கும், படம் கறுப்பாகவே இருக்கும்.

பூட்டை உடைத்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் தேடினால் கிடைக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள். வைரஸ் தொல்லை ஒருபுறம் இருக்கட்டும், சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டம் இப்படிப் பூட்டை மீறுவதைத் தடுக்கிறது. சந்தா கட்டியிருக்கிறேன் என்பது அதற்கு விலக்கு ஆகாது.

படி 2: செயலிக்குள்ளேயே இறக்குங்கள்

நெட்பிளிக்ஸ் என்றால் கைபேசி செயலியில் படத்தின் கீழே Download இருக்கும். வீட்டு வைஃபையில் இறக்கிவிடுங்கள். சில படங்களுக்கு அது இருக்காது, உரிமையாளர் அனுமதி தரவில்லை என்று பொருள். இறங்கிய கோப்பும் பூட்டோடுதான் இருக்கிறது, தம்ப் டிரைவில் போட்டால் ஓடாது.

கெடுவைக் கவனியுங்கள். சில படங்கள், பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகும். ஆகவே முதல் நாள் இரவே ‘சும்மா கொஞ்சம்’ ஓட்டிப் பார்த்து வைக்காதீர்கள். சரி, இறங்கியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? விமானப் பயன்முறையைப் போட்டு Downloads பட்டியலைத் திறங்கள், படம் அங்கே முழுதாக இறங்கியதாகவும், காலாவதி என்று காட்டாமலும் இருந்தால் போதும். உரிமை நாட்டுக்கு நாடு மாறுவதால், விமானம் இந்தியாவில் தரையிறங்கியபின் அந்தப் படம் கிடைக்காமல் போகலாம். போகும்போதே பார்த்து முடிப்பது நல்லது.

படம் மங்கலாக இருந்தால் ஆண்ட்ராய்டில் App Settings-க்குள் Playback Specification பாருங்கள். Widevine L3 என்றிருந்தால் அந்தக் கைபேசியில் ஹெச்டி வராது. மறுபடி இறக்கிப் பயனில்லை.

படி 3: கோப்பே வேண்டுமென்றால்

பூட்டில்லாமல் விற்கும் படைப்பாளிகளிடம் வாங்கலாம். டியூஷன் பாடமோ பிள்ளையின் அரங்கேற்றப் பதிவோ என்றால் நடத்துபவரிடமே கேளுங்கள்: “இணையம் இல்லாத நேரத்தில் பார்க்க ஒரு எம்பி4 தர முடியுமா, இல்லையென்றால் பார்க்கும் கெடுவையாவது நீட்டித் தருவீர்களா?” நடத்துபவரே எடுத்த வீடியோ என்றால், தரும் உரிமை பெரும்பாலும் அவரிடமே இருக்கும். பிறர் முகங்களோ இசையோ அதில் இருந்தால் மட்டும் அவர் தயங்குவார், அது நியாயம்தான்.