வெப்கேம் அவதாரின் கண் ஏன் பாதியிலேயே நிற்கிறது?

என் தங்கை இரவில் கேம் ஆடி ஸ்ட்ரீம் செய்கிறாள். தன் முகத்துக்குப் பதிலாக, வரைந்த படத்தை அசைய வைக்கும் லைவ்2டி மென்பொருளில் செய்த ஒரு பொம்மையை வெப்கேம் வழியாக ஆட்டுகிறாள். முதல் வாரம் முழுக்க அந்தப் பொம்மை தூக்கக் கலக்கத்திலேயே இருந்தது. கண் முழுதாகத் திறக்காது, இமைத்தாலும் முழுதாக மூடாது. வரைந்ததில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து லேயர்களை இரண்டு நாள் பிரித்துப் பார்த்தோம். பிழை அங்கே இல்லை. படத்தைத் தொடும் முன் கேமராவைப் பார்த்திருக்க வேண்டும்.

அறையில் மானிட்டர் வெளிச்சம் மட்டும்தான். வெளிச்சம் போதாவிட்டால் பல வெப்கேம்கள் ஒவ்வொரு ஃப்ரேமையும் அதிக நேரம் பதிவு செய்கின்றன. நொடிக்கு 30 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லிநொடிதான் கிடைக்கும். கேமரா 66 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் 15 ஃப்ரேம்தான் வரும். படம் பிரகாசமாகத் தெரிவதால் இது கண்ணில் படாது. கேமரா முன் கையை வேகமாக ஆட்டிப் பாருங்கள். விரல்கள் ஒன்றோடொன்று குழைந்து தெரிந்தால் இதுதான் சிக்கல். மேசை விளக்கு ஒன்றை முகத்துக்கு நேராக, கண்ணாடி போடுபவராக இருந்தால் சற்று பக்கவாட்டில், வையுங்கள். லினக்ஸ் என்றால், கேமரா இதை ஆதரித்தால், ஃப்ரேம் குறைவதை இப்படித் தடுக்கலாம்:

```
v4l2-ctl -d /dev/video0 -c exposure_dynamic_framerate=0
```

ஃப்ரேம் குறைந்தால் பொம்மை நடுங்கும். நடுக்கத்தை மறைக்க எல்லோரும் செய்வது, அசைவைச் சீராக்கி மெதுவாக்கும் ஸ்மூத்திங்கை எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் ஏற்றிவிடுவது. நாங்களும் அதைத்தான் செய்தோம். கண்ணைக் கெடுத்தது அதுதான்.

கணக்குப் போட்டால் புரியும். ஓர் இமைப்பு 150 மில்லிநொடி என்று வையுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் பொம்மையின் கண், இருக்கும் இடத்திலிருந்து போக வேண்டிய தூரத்தில் 30 சதவீதம் மட்டும் நகரும்படி ஸ்மூத்திங் வைத்திருக்கிறோம். 15 ஃப்ரேமில் இமைப்புக்கு இரண்டு ஃப்ரேம்தான் கிடைக்கும். முழுதாகத் திறந்த கண் 1, மூடிய கண் 0 என்றால், 1-ல் இருந்த கண் 0.7-க்கு வரும், பிறகு 0.49. அதற்குள் நிஜக் கண் திறந்துவிடும். பாதி மூடிய கண் அங்கேதான் பிறக்கிறது. 30 ஃப்ரேம் கிடைத்தாலும் நான்கு அடியில் 0.24 வரைதான் இறங்கும். அதே கண்ணை 80 சதவீதம் நகரவிட்டால் இரண்டாவது ஃப்ரேமிலேயே 0.04. ஆகவே தலைத் திருப்பத்துக்கு நிறைய ஸ்மூத்திங், வாய்க்குக் கொஞ்சம், இமைக்கு ஏறக்குறைய ஒன்றுமே வேண்டாம். தலை மெதுவாகத் திரும்பினால் அழகு. இமை மெதுவாக இறங்கினால் தூக்கம்.

இமை இப்போது துள்ளியது, ஆனால் கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் வேறு. முகத்தைப் பின்தொடரும் டிராக்கர் கண்ணுக்குத் தரும் எண் 0-லிருந்து 1 வரை முழுதாக ஓடும் என்று நம்பியிருந்தோம். திரையில் எண்ணைக் கவனித்தபோது, அவள் கேமராவைப் பார்த்தால் 0.9. ஆடும்போது பார்வை கீழே மானிட்டரில் இருக்கும், அப்போது இமை தாழ்ந்து 0.7 ஆகிவிடும். கண்ணை மூடினாலும் 0.15-க்குக் கீழே போகவில்லை. அதனால் பொம்மையை ஆட்டும் மென்பொருளான வீட்யூப் ஸ்டுடியோவில் EyeOpenLeft, EyeOpenRight இரண்டுக்கும் உள்ளே வரும் வரம்பை 0.2 முதல் 0.65 வரை என்றும், பொம்மையின் ParamEyeLOpen, ParamEyeROpen பெறும் வரம்பை 0 முதல் 1 வரை என்றும் வைத்தோம். வரம்புக்கு வெளியே போகும் எண்களை வெட்டிவிடவும் வேண்டும். பொம்மை விழித்துக்கொண்டது! இந்த எண்கள் அவள் முகத்துக்கும் அவள் நாற்காலிக்கும் உரியவை. உங்களுடையதை நீங்கள்தான் அளக்க வேண்டும், அதுவும் நிமிர்ந்து உட்கார்ந்து போஸ் கொடுக்கும்போது அல்ல, ஆடும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படி.

அப்புறம் சாட் ஜன்னல். அது இரண்டாவது மானிட்டரில் இருந்ததால் படிக்கத் திரும்பும்போதெல்லாம் பொம்மை கண்ணடித்தது. தலை அதிகம் திரும்பினால் தூரத்துக் கண் மூக்குக்குப் பின்னால் மறையும். ஒற்றைக் கேமராவால் அதைப் பார்க்க முடியாது, டிராக்கர் ஊகிக்கும். சாட்டை முதல் மானிட்டருக்கே கொண்டுவந்து, இரண்டு கண்ணின் இமைப்பையும் சேர்த்துக் கட்டினோம். நிஜமாகக் கண்ணடிப்பது இதனால் போய்விட்டது, அதை ஒரு ஹாட்கீயில் வைத்தாள். கன்னம் உப்புவதையும் நாக்கு நீட்டுவதையும்கூட அங்கேயே வையுங்கள், சாதாரண வெப்கேம் அவற்றை நம்பகமாகப் பிடிக்காது.

கடைசியாகச் செய்த தவறு, கேமை மூடி வைத்துவிட்டுச் சோதித்தது. முகத்தைப் பின்தொடரும் வேலையில் பெரும்பகுதி பிராசஸரில்தான் நடந்தது. கேம் ஓடத் தொடங்கியதும் டிராக்கிங் மறுபடி 15 ஃப்ரேமுக்கு இறங்கியது. கேமின் ஃப்ரேம் வேகத்துக்கு 60 என்று வரம்பு போட்டபிறகுதான் பழையபடி 30-க்கு வந்தது.