ஒன்றரை வயசுல திடீர்னு சாப்பாடு குறையுதா?

முதல் வருஷத்துல 3 கிலோ குழந்தை 9 கிலோ ஆகுது, ஆனா ரெண்டாவது வருஷம் முழுக்க ஏறுறதே சுமார் 2, 2.5 கிலோதான், அதனால பசி குறையறது இயல்பு, ஒரு நாள் ரெண்டு இட்லி சாப்பிட்டு மறுநாள் ரெண்டே வாய் சாப்பிடும், வாரக் கணக்குல பாத்தா சரியாயிடும்.

இங்க கோத்தகிரியில நம்ம பக்கத்து வீட்டுல நடந்தது இதுதான், குளிருதேன்னு அடிக்கடி சூடா பால், நடுவுல வர்க்கி, மதியம் பருப்பு சாதத்தைப் பாத்தாலே வாயை மூடிக்கும், அப்புறம் பாட்டி போனைக் காட்டி ஊட்டுவாங்க. பாலை ஒரு நாளைக்கு 400 மில்லிக்குள்ள நிறுத்தி, சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி தண்ணி மட்டும் குடுத்தாங்க, பசி தானா வந்துச்சு.

என்ன, எப்போங்கறது நீங்க முடிவு பண்ணுங்க, எவ்வளவுங்கறதை குழந்தைகிட்ட விட்டுடுங்க. தட்டுல கொஞ்சமா வைங்க, 20 நிமிஷத்துல கெஞ்சாம திட்டாம எடுத்துடுங்க, அடுத்த வேளை வரைக்கும் பிஸ்கட் வேண்டாம். வேண்டாம்னு தள்ளுற கேரட்டை ஒரு துண்டு திரும்பத் திரும்ப வைங்க, பத்து தடவைக்கு மேலயும் ஆகலாம்.

எடை குறைஞ்சா, சோர்ந்தே கிடந்தா, விழுங்க கஷ்டப்பட்டா மட்டும் தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க.