150 மி.மீ. எங்கே போனது?

குன்னூரில் ஒரு தேயிலைக் கிடங்குக் கூரை. கூரைத் தகட்டைத் தாங்கும் பர்லின் சட்டங்களை வெட்ட ஆள் தயார். நான் பயிற்சி டிராஃப்டர். தூண்களுக்கு இடையிலான அளவுகளைக் கூட்டிப் பார்த்தேன். 2400, 2400, 2250 சேர்ந்தால் 7050. வரைபடத்தில் மொத்த அளவு 7200.

முதலில் AutoCAD-இல் டைமென்ஷன் ஸ்டைலைத் திறந்து, அளவைப் பெருக்கிக் காட்டும் DIMLFAC பார்த்தேன், 1 தான். ரவுண்டிங் என்றால் ஓரிரு மில்லி போகும், 150 போகாது. பிரிண்ட் ஸ்கேலை மாற்றியதும் வீண்.

கடைசியில் தூரம் அளக்கும் DIST கட்டளையைக் கொடுத்து அந்த மூன்றாவது இடைவெளியை அளந்தேன். 2400 என்றது, மேலே எழுதியிருந்ததோ 2250. Properties-இல் Text override கட்டத்தில் யாரோ 2250 என்று கையால் தட்டியிருந்தார்கள். பிறகு வரைபடத்தில் தூணை நகர்த்தியபோது டைமென்ஷன் கோடு கூடவே நகர்ந்தது, எண் மட்டும் அப்படியே நின்றது. கோடு சரியாகத் தெரிவதால் கண்ணுக்குப் படாது.

எது சரி என்பதை வரைபடம் சொல்லாது. "தம்பி, டேப்பைச் சரிவோட போடாதே, கூடக் காட்டும்" என்றார் மேஸ்திரி அண்ணன். டேப்பை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, ஃபவுண்டேஷன் போல்ட் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தோம். 2400.

Text override கட்டத்தைக் காலி செய்ததும் உண்மை அளவு வந்தது. எண்ணோடு ஏதாவது எழுத்து வேண்டுமென்றால் இப்படித் தட்டினால் போதும், எண் தானாக மாறும்:

```
<> TYP
```

பழைய பிரிண்ட்டைக் கிழித்துவிட்டுத்தான் பட்டறைக்குப் புதியதைக் கொடுத்தோம்.