10 ரூபாய் என்ஏவி என்றால் மலிவா?

எம்.சி. ரோட்டில் துணி விலை கேட்கிற மாதிரி மியூச்சுவல் ஃபண்டின் என்ஏவியைப் பார்த்து, "புது ஃபண்டு, 10 ரூபாய்தான்" என்று வாங்குகிறவர்கள் வண்ணாரப்பேட்டைப் பக்கம் உண்டு. என்ஏவி விலைச்சீட்டு இல்லை. ஃபண்டின் சொத்து மதிப்பில் கடனையும் செலவையும் கழித்து, யூனிட் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான்.

10,000 ரூபாய்க்கு 10 ரூபாய் ஃபண்டில் 1,000 யூனிட், 200 ரூபாய் ஃபண்டில் 50 யூனிட் கிடைக்கும். இரண்டும் 12% ஏறினால் என்ஏவி 11.20 என்றும் 224 என்றும் ஆகும். உங்கள் பணம் இரண்டிலும் 11,200தான்.

ஒரே ஃபண்டில் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானையும் ஏஜென்ட் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பங்குகள் அதேதான், ஆனால் ரெகுலரின் என்ஏவி குறைவாக இருக்கும், ஏஜென்ட் கமிஷன் தினமும் அதில் கழிவதால். இங்கே என்ஏவி குறைந்த பிளானில்தான் செலவு அதிகம்! வாங்குமுன் எக்ஸ்பென்ஸ் ரேஷியோவை, அதாவது ஃபண்டு வருடத்துக்கு எத்தனை சதவீதம் செலவாகக் கழிக்கிறது என்பதைப் பாருங்கள்.