"5 விழுந்திருக்கு"ன்னு தெரிஞ்சா எத்தனை கட்டம் மிச்சம்? நிபந்தனை நிகழ்தகவு, டேபிள் போட்டும் மரம் போட்டும்

ப்ளஸ் ஒன் கணக்குல நிபந்தனை நிகழ்தகவு வந்ததும் நிறைய பேர் P(A|B) = P(A∩B) / P(B) அப்படின்னு சூத்திரத்தை மனப்பாடம் பண்ணிட்டு அதுல எண்ணைப் போட ஆரம்பிச்சிடறாங்க, ஆனா எந்த எண்ணை எங்க போடணும்னு கேள்வியைப் படிச்சு முடிவு பண்றதுதான் உண்மையான வேலை. கோத்தகிரியில சாயங்காலம் ட்யூஷனுக்கு வர்ற பசங்களுக்கு நான் சூத்திரத்தை கடைசியாத்தான் சொல்றேன். முதல்ல ஒரு டேபிள், அப்புறம் ஒரு மரம். ஒரு பேப்பர், பேனா, ரெண்டு கலர் பகடை, ஒரு சீட்டுக்கட்டு எடுத்து வச்சுக்கிட்டு படிங்க.

நிபந்தனைன்னா என்னன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடறேன். ஒரு ஃப்ரெண்டைத் தேடி குன்னூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கறீங்க, ஊட்டி பஸ், மேட்டுப்பாளையம் பஸ், கோத்தகிரி பஸ் எல்லாம் வரிசையா நிக்குது. "கோத்தகிரி பஸ்லதான் ஏறினான்"னு ஒருத்தர் சொல்லிட்டா, அதுக்கப்புறம் மத்த பஸ்ஸை எல்லாம் எண்ணவே வேண்டாம், கோத்தகிரி பஸ்ஸுக்குள்ள மட்டும் தேடினா போதும். நிபந்தனை அதைத்தான் செய்யுது: கூறுவெளியில பாதியையோ முக்காலையோ அடிச்சுட்டு, மிச்சம் இருக்கறதை புது மொத்தமா ஆக்குது. அதாவது கீழ இருக்கற எண், வகுக்கற எண், மாறுது.

முதல் படி: பகடைக்கு டேபிள்

ஒரு சிவப்பு பகடை, ஒரு வெள்ளை பகடை. ரெண்டையும் உருட்டி கூட்டுத்தொகை பாக்கறோம். இடது பக்கம் சிவப்பு, மேல வெள்ளை, உள்ள கூட்டுத்தொகை. இதுல எங்கெல்லாம் ஒரு பகடையிலாவது 5 இருக்கோ அந்த கட்டத்துக்கு அடைப்பு போட்டிருக்கேன்.

```
          வெள்ளை
          1    2    3    4    5    6
சிவப்பு 1   2    3    4    5   [6]   7
சிவப்பு 2   3    4    5    6   [7]   8
சிவப்பு 3   4    5    6    7   [8]   9
சிவப்பு 4   5    6    7    8   [9]   10
சிவப்பு 5  [6]  [7]  [8]  [9]  [10] [11]
சிவப்பு 6   7    8    9    10  [11]  12
```

இங்க ஒரு விஷயத்துல கொஞ்சம் நிக்கணும். கூட்டுத்தொகை 2-லருந்து 12 வரைக்கும் 11 விதமா வரலாம், அதனால 8 வர நிகழ்தகவு 1/11னு சிலர் எழுதிடறாங்க. அது தப்பு, ஏன்னா அந்த 11 கூட்டுத்தொகையும் ஒரே அளவு வாய்ப்பு உள்ளது கிடையாது, 2 ஒரே கட்டத்துல வருது, 7 ஆறு கட்டத்துல வருது. சம வாய்ப்பு இருக்கறது 36 கட்டத்துக்குத்தான். அதே மாதிரி சிவப்பு 3 வெள்ளை 5ங்கறது ஒரு கட்டம், சிவப்பு 5 வெள்ளை 3ங்கறது வேற கட்டம். ரெண்டு பகடையும் ஒரே கலர்ல இருந்தாலும் கட்டம் 36தான், கலர் நம்ம கண்ணுக்கு வசதிக்காக மட்டும்.

நிபந்தனை எதுவும் இல்லாம 8 வர்ற கட்டத்தை எண்ணுங்க: குறுக்கா அஞ்சு இருக்கு, அதனால 5/36.

ரெண்டாவது படி: நிபந்தனையை கட்டமா மாத்துங்க

இப்ப ரெண்டு கேள்வி. படிக்க ஒரே மாதிரி இருக்கும்.

கேள்வி ஒண்ணு: சிவப்பு பகடையில 5 விழுந்திருக்கு, கூட்டுத்தொகை 8 ஆக இருக்க நிகழ்தகவு என்ன?

கேள்வி ரெண்டு: குறைந்தபட்சம் ஒரு பகடையில 5 விழுந்திருக்கு, கூட்டுத்தொகை 8 ஆக இருக்க நிகழ்தகவு என்ன?

முதல் கேள்விக்கு சிவப்பு 5 வரிசை மட்டும்தான் மிச்சம், ஆறு கட்டம். அதுல 8 ஒரே ஒரு இடத்துல இருக்கு. விடை 1/6.

ரெண்டாவது கேள்விக்கு அடைப்பு போட்ட கட்டம் எல்லாம் மிச்சம். இங்கதான் வழக்கமா சறுக்கும்: சிவப்பு 5 வரிசையில ஆறு, வெள்ளை 5 நெட்டு வரிசையில ஆறு, மொத்தம் 12னு எழுதிடுவாங்க. டேபிளைப் பாருங்க, ரெண்டுலயும் 5 விழுந்த கட்டம், அந்த [10], வரிசைக்கும் நெட்டு வரிசைக்கும் பொதுவா இருக்கு, அதை ரெண்டு தடவை எண்ணக்கூடாது. அதனால 11. அந்த 11ல 8 ரெண்டு இடத்துல இருக்கு, விடை 2/11.

1/6ங்கறது 0.167 கிட்ட, 2/11ங்கறது 0.182 கிட்ட. வித்தியாசம் சின்னதா தெரியும், ஆனா பரீட்சையில ஒண்ணு சரி ஒண்ணு தப்பு. அதனால கேள்வியில "சிவப்பு", "முதல்", "குறைந்தபட்சம்", "ரெண்டுமே" இந்த வார்த்தைகளுக்கு அடியில கோடு போட்டுட்டு அப்புறம்தான் டேபிள் பக்கம் போகணும்னு நான் எல்லார்கிட்டயும் கண்டிப்பா சொல்லுவேன்.

இதையே தலைகீழா கேட்டா? கூட்டுத்தொகை 8னு தெரியும், ஏதாவது ஒரு பகடையிலாவது 5 இருக்க நிகழ்தகவு என்ன? இப்ப மிச்சம் இருக்கறது 8 வர்ற அஞ்சு கட்டம், அதுல அடைப்பு போட்டது ரெண்டு, விடை 2/5. மேல இருக்கற 2 மாறவே இல்ல, ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான கட்டம் அதேதான், கீழ இருக்கறதுதான் 11லருந்து 5 ஆயிடுச்சு. கூட்டுத்தொகை 8ங்கறதை Aன்னும், குறைந்தபட்சம் ஒரு 5ங்கறதை Bன்னும் வச்சுக்கிட்டா, சூத்திரத்துல P(A∩B) அப்படியே இருக்க, P(B) போய் P(A) வர்றது இதுதான்.

மூணாவது படி: சீட்டுக்கு மரம்

சீட்டுக்கட்டுல ரெண்டு சீட்டு ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா எடுக்கறோம், முதல் சீட்டை திருப்பி வைக்கல. இதுக்கு டேபிள் போடணும்னா 52 × 51 = 2652 கட்டம் வரும், முடியாது. அதனால நமக்கு வேணும்கறதை மட்டும் பிரிச்சுக்கலாம்: ஏஸ், ஏஸ் இல்ல. ஒவ்வொரு சீட்டுக்கும் ரெண்டே கிளை.

```
தொடக்கம்
├── ஏஸ் 4/52
│     ├── ஏஸ் 3/51         4 × 3   = 12
│     └── ஏஸ் இல்ல 48/51   4 × 48  = 192
└── ஏஸ் இல்ல 48/52
      ├── ஏஸ் 4/51         48 × 4  = 192
      └── ஏஸ் இல்ல 47/51   48 × 47 = 2256
```

வலது ஓரத்துல இருக்கறது ஒவ்வொரு பாதையிலயும் எத்தனை வழின்னு. அதை 2652ஆல வகுத்தா அந்தப் பாதையோட நிகழ்தகவு. நான் வேணும்னேதான் பின்னத்தை சுருக்காம விட்டிருக்கேன், 4/52ஐ உடனே 1/13னு ஆக்கிட்டா அடுத்த கிளையில 51 எங்கருந்து வந்துச்சுன்னு கண்ணுக்குத் தெரியாம போயிடும். கடைசி விடையில மட்டும் சுருக்கினா போதும்.

மரத்துல ரெண்டாவது மட்டத்துல எழுதற எண் எல்லாமே ஏற்கனவே நிபந்தனை நிகழ்தகவுதான். 3/51 அப்படின்னா "முதல் சீட்டு ஏஸ்னு தெரிஞ்ச பிறகு, ரெண்டாவதும் ஏஸ்". கட்டுல 51 சீட்டுதான் மிச்சம், அதுல மூணு ஏஸ். அதனால "முதல் சீட்டு ஏஸ், ரெண்டுமே ஏஸாக இருக்க நிகழ்தகவு என்ன"ன்னு கேட்டா கணக்கே வேண்டாம், மரத்துல இருந்தே எடுத்து 3/51, அதாவது 1/17னு எழுதிடலாம்.

"குறைந்தபட்சம் ஒரு சீட்டு ஏஸ், ரெண்டுமே ஏஸாக இருக்க நிகழ்தகவு என்ன"ன்னு கேட்டா மரத்துல எந்த ஒரு கிளையிலயும் நேரடியா பதில் இருக்காது. கடைசி பாதையை (ரெண்டுமே ஏஸ் இல்ல) அடிச்சுடுங்க, மிச்சம் மூணு பாதை: 12 + 192 + 192 = 396. அதுல நமக்கு வேணும்கறது 12. விடை 12/396 = 1/33.

பகடையில "குறைந்தபட்சம்"னு சொன்னதும் விடை கூடுச்சு, இங்க கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுடுச்சு. ஏன்னு பசங்க கேப்பாங்க, நல்ல கேள்வி. பகடையில "குறைந்தபட்சம்"னு சொன்னதால புதுசா உள்ள வந்த அஞ்சு கட்டத்துல ஒண்ணு 8, அதனால மேலயும் கூடுச்சு கீழயும் கூடுச்சு. சீட்டுல புதுசா உள்ள வந்த 192 வழியில ஒண்ணு கூட ரெண்டு ஏஸ் கிடையாது, அதனால கீழ மட்டும் வீங்கி விடை சின்னதாயிடுச்சு.

மரம் சரியா போட்டிருக்கோமான்னு பாக்க: ஒரே முனையிலருந்து கிளம்பற கிளைகளைக் கூட்டினா 1 வரணும் (3/51 + 48/51 மாதிரி), ஓரத்துல இருக்கற எல்லாத்தையும் கூட்டினா மொத்தம் வரணும், இங்க 2652. வரலைன்னா பெரும்பாலும் ரெண்டாவது மட்டத்துல 51க்கு பதிலா 52 போட்டிருப்பீங்க. முதல் சீட்டை திருப்பி வச்சு கலைச்சா மட்டும்தான் 52.

நாலாவது படி: பகடையும் சீட்டும் சேர்ந்து, பின்னாலருந்து

இது கொஞ்சம் கஷ்டம், பொறுமையா வாங்க. மேசையில ரெண்டு குவியல். ஒண்ணுல ஒரு கட்டோட ராஜா, ராணி, ஜாக்கி மட்டும், மொத்தம் 12 சீட்டு. இன்னொண்ணு வேற ஒரு முழுக்கட்டு, 52. உங்க ஃப்ரெண்ட் உங்களுக்குத் தெரியாம பகடை உருட்டறாங்க, 6 விழுந்தா சின்ன குவியல்லருந்து ஒரு சீட்டு, வேற எது விழுந்தாலும் முழுக்கட்டுலருந்து ஒரு சீட்டு. கையில ராஜாவை காட்டறாங்க. பகடையில 6 விழுந்திருக்க நிகழ்தகவு என்ன?

```
தொடக்கம்
├── 6 விழுந்தது 1/6 ─── ராஜா 4/12   1/6 × 1/3  = 1/18
└── 6 இல்ல 5/6 ─────── ராஜா 4/52   5/6 × 1/13 = 5/78
```

ராஜா இல்லாத கிளைகளை நான் வரையல, நிபந்தனையே அதை அடிச்சுடுச்சு. மிச்சம் ரெண்டு பாதை. பின்னமா பாத்து பயப்படாம, இந்த விளையாட்டை 234 தடவை ஆடினா சராசரியா என்ன ஆகும்னு எண்ணுங்க: 39 தடவை 6 விழும், அதுல மூணுல ஒரு பங்கு, 13 ராஜா. மிச்சம் 195 தடவை முழுக்கட்டு, அதுல 13ல ஒரு பங்கு, 15 ராஜா. மொத்தம் 28 ராஜா, அதுல 13 மட்டும் 6 வழியா வந்தது. விடை 13/28.

இங்க மூணு தப்பான விடை அடிக்கடி வரும், ஒவ்வொண்ணும் வேற ஒரு கேள்விக்கு சரியான விடை. 1/3னு எழுதினா, 6 விழுந்தா ராஜா வர நிகழ்தகவு, திசை மாறிடுச்சு. 1/18னு எழுதினா, 6உம் ராஜாவும் சேர்ந்து வர நிகழ்தகவு, 13ஐ 234க்கு பதிலா 28ஆல வகுக்கற அந்தக் கடைசி வேலை நடக்கல. 1/6னு எழுதினா ராஜாவைப் பாத்ததையே கணக்குல எடுக்கல. "பகடை ஏற்கனவே விழுந்துடுச்சே மிஸ், சீட்டு அதை எப்படி மாத்தும்"னு ஒரு பொண்ணு கேட்டா. பகடை மாறல, நமக்கு அது தெரியாது, தெரிஞ்ச தகவல்தான் கூடியிருக்கு, அதனால எண்ணவேண்டிய ஆட்டங்கள் 234லருந்து 28 ஆயிடுச்சு.

இதே மரத்தை வச்சு ரெண்டு கணக்கு நீங்களே போட்டுப் பாருங்க. ஃப்ரெண்ட் காட்டினது ராஜா இல்ல, 7னு வச்சுக்கங்க: மேல் கிளையில 0/12, அதனால 6 விழுந்திருக்க நிகழ்தகவு 0. அடுத்தது, வெறும் ராஜான்னு சொல்லாம சிவப்பு ராஜான்னு சொல்றாங்க: 4/12 போய் 2/12 ஆகும், 4/52 போய் 2/52 ஆகும், ரெண்டு பாதையும் சரியா பாதியாகுது, அதனால ஒண்ணை மொத்தத்தால வகுக்கும்போது அந்தப் பாதி அடிபட்டுப் போய் மறுபடியும் 13/28தான் வரும்.