ஒரு கீபோர்டு, மூன்று கம்ப்யூட்டர்: எங்கே சறுக்குகிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனு எழுதிக் கொடுக்கும், ஜெராக்ஸ் எடுக்கும், தமிழ் டிடிபி செய்யும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு நண்பரின் கடையில் ஒரே மேசையில் மூன்று மெஷின்கள்: நடுவில் விண்டோஸ் டெஸ்க்டாப், இடது பக்கம் உபுண்டு போட்ட பழைய லேப்டாப், வலது பக்கம் இன்னொரு விண்டோஸ் லேப்டாப். மூன்றையும் டெஸ்க்டாப்பின் கீபோர்டு, மவுஸ் கொண்டே ஓட்ட வேண்டும். நடுத்திரையின் இடது ஓரத்துக்கு மவுஸைத் தள்ளினால் அது உபுண்டு திரையில் போய் நிற்க வேண்டும். கீபோர்டும் கூடவே போக வேண்டும்.

இதற்குத் தனிப் பெட்டி வாங்கத் தேவையில்லை, நெட்வொர்க் வழியாகச் செய்யும் மென்பொருள்களே போதும். சினர்ஜி பழைய பெயர். அதிலிருந்து பிரிந்த பேரியர் பல வருடம் ஓடியது, இப்போது அதில் வேலை நடப்பதில்லை. புதிதாகப் போடுபவர்கள் இன்புட் லீப் அல்லது டெஸ்க்ஃப்ளோ பக்கம் போகலாம். மூன்று மெஷினுமே விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸுக்குள் இருக்கும் மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் போதும், நான்கு கம்ப்யூட்டர் வரை தாங்கும். நண்பர் கடையில் உபுண்டு இருப்பதால் அது ஆகாது. எதைப் போட்டாலும் எல்லா மெஷினிலும் ஒரே மென்பொருள், முடிந்தால் ஒரே வெர்ஷன் போடுங்கள். ஒன்றில் பேரியர், இன்னொன்றில் டெஸ்க்ஃப்ளோ என்று கலந்து வைத்துவிட்டு நெட்வொர்க்கைக் குடைவது நேரவிரயம்.

முதல் சறுக்கல், எது சர்வர் என்பதில். பெரிய கம்ப்யூட்டர்தான் சர்வர், அல்லது ஃபைல்கள் இருக்கும் கம்ப்யூட்டர்தான் சர்வர் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. கீபோர்டும் மவுஸும் எந்த மெஷினில் வயரால் செருகப்பட்டிருக்கிறதோ, அதுதான் சர்வர். மற்றதெல்லாம் கிளையண்ட். எதற்கும் இருக்கட்டுமே என்று எல்லாவற்றிலும் சர்வரை டிக் செய்துவிட்டால், ஒவ்வொன்றும் யாராவது வருவார்களா என்று காத்துக் கிடக்கும், யாரும் வர மாட்டார்கள்.

அடுத்தது பெயர். ஒவ்வொரு மெஷினுக்கும் மென்பொருளுக்குள் ஒரு திரைப்பெயர் உண்டு. வழக்கமாக அது கம்ப்யூட்டரின் பெயரையே எடுத்துக்கொள்ளும். சர்வரில் நாம் எழுதிய பெயரும் கிளையண்ட் சொல்லும் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் சர்வர் உள்ளே விடாது. லேப்டாப்பின் பெயர் `DESKTOP-7K2` என்கிற மாதிரி இருக்கும், நாம் சர்வரில் `laptop` என்று எழுதியிருப்போம். அறிகுறி எளிது: சர்வரின் லாகில் `unrecognised client name` என்று வரும். இந்த வரியைப் பார்த்துவிட்டால் ஃபயர்வாலைத் தொட வேண்டாம், ரவுட்டரையும் தொட வேண்டாம். கிளையண்ட் வாசல் வரை வந்துவிட்டது, பெயர்தான் தப்பு.

கட்டங்களில் திரைகளை இழுத்து வைக்கும் வசதியைப் பயன்படுத்தினால் திசைகள் தானாக அமையும். கான்ஃபிக் ஃபைலைக் கையால் எழுதுபவர்கள்தான் இன்னொரு இடத்தில் மாட்டுகிறார்கள். நண்பர் கடைக்கு அது இப்படி இருக்க வேண்டும்:

```
section: screens
    meja:
    ubuntu-lap:
    win-lap:
end
section: links
    meja:
        left = ubuntu-lap
        right = win-lap
    ubuntu-lap:
        right = meja
    win-lap:
        left = meja
end
```

`meja` என்பது நடு டெஸ்க்டாப். அதற்கு இடது, வலது எழுதியாயிற்றே என்று கடைசி `end`-க்கு முந்தைய நான்கு வரிகளை விட்டுவிட்டால், மவுஸ் லேப்டாப்புக்குப் போகும், திரும்பி வராது. போகும் வழியும் வரும் வழியும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். எல்லாம் சரியாக எழுதியும் மவுஸ் ஒரு திரையை விட்டு நகரவில்லையா? ஸ்க்ரோல் லாக் விளக்கு எரிகிறதா பாருங்கள். அந்த விசை மவுஸை ஒரே திரையில் பூட்டி வைக்கும், பலருக்கு இது தெரிவதே இல்லை.

இப்போது அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம், நெட்வொர்க். நண்பர் கடையில் வலது பக்க லேப்டாப் இணையவே இல்லை. உடனே செய்யப்பட்ட வேலை, மூன்று மெஷினிலும் ஃபயர்வாலை மொத்தமாக அணைத்தது. இது இரண்டு வகையில் தவறு. கிளையண்ட்தான் சர்வரைத் தேடிப் போகிறது, சர்வர் யாரையும் தேடிப் போவதில்லை. ஆகவே கதவு திறக்க வேண்டியது சர்வர் மெஷினில் மட்டும், அதுவும் 24800 என்ற ஒரே டிசிபி போர்ட்டுக்கு. விண்டோஸ் அந்த நெட்வொர்க்கைப் பப்ளிக் என்று குறித்து வைத்திருந்தால் அதைப் பிரைவேட் என்று மாற்றிவிட்டு, மென்பொருளுக்கு அனுமதி கொடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால் ஊகிக்காமல் சோதிக்கலாம். டெஸ்க்டாப்பின் முகவரி 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். முதலில் டெஸ்க்டாப்பிலேயே பவர்ஷெல்லைத் திறந்து முதல் வரியை அடியுங்கள், அப்புறம் லேப்டாப்பில் இரண்டாவது வரியை:

```
Test-NetConnection 127.0.0.1 -Port 24800
Test-NetConnection 192.168.1.20 -Port 24800
```

முதல் வரிக்கே `TcpTestSucceeded : False` என்றால் சர்வர் மென்பொருள் ஓடவில்லை, ஸ்டார்ட் பட்டனை அழுத்தவில்லை என்று அர்த்தம். முதலாவது `True`, இரண்டாவது `False` என்றால் சர்வர் ஓடுகிறது, நடுவில் எதுவோ தடுக்கிறது. நண்பர் கடையில் இரண்டாவது வகைதான் வந்தது. ஃபயர்வால்தான் ஏற்கெனவே அணைந்துவிட்டதே, அப்புறம் என்ன? வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்புவதற்காக ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை ஒன்று போட்டிருந்தார். அந்த லேப்டாப் அதில் தொற்றிக்கொண்டிருந்தது. கெஸ்ட் வைஃபையில் இன்டர்நெட் நன்றாகவே வரும். ஆனால் கடைக்குள் இருக்கும் மற்ற மெஷின்களைப் பார்க்க ரவுட்டர் விடாது. அதற்காகத்தானே கெஸ்ட் என்று வைத்திருக்கிறார்கள். லேப்டாப்பைக் கடையின் சொந்த வைஃபைக்கு மாற்றியதும் இணைந்தது. ஃபயர்வாலைத் திரும்ப ஆன் செய்த பிறகும் இணைப்பு அப்படியே நின்றது.

இரண்டு நாள் கழித்து மறுபடி போச்சு. கரண்ட் போய் வந்ததில் ரவுட்டரும் டெஸ்க்டாப்பும் புதிதாக எழுந்தன, டெஸ்க்டாப்புக்கு ரவுட்டர் வேறு முகவரி கொடுத்துவிட்டது. லேப்டாப்புகள் இன்னும் பழைய .20-ஐயே தேடிக்கொண்டிருந்தன. ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் கரண்ட் எத்தனை முறை போய் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து டெஸ்க்டாப்புக்கு அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டும். முகவரி ஒதுக்கீடு என்ற பொருளில் `Address Reservation` என்றோ அதைப் போன்ற பெயரிலோ அது இருக்கும். யுபிஎஸ்ஸில் டெஸ்க்டாப்பை மட்டும் மாட்டி ரவுட்டரை வெளியே விடுவதும் வீண். ரவுட்டர் அணைந்தால் மவுஸ் அந்தப் பக்கம் போகாது.

இணைந்த பின் மவுஸ் விட்டு விட்டு நகர்ந்தால், சர்வரிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் ரவுட்டருக்கு `ping` ஓட விட்டுப் பாருங்கள். சில மில்லிசெகண்டுக்குள் சீராக வந்தால் நல்லது. நடுநடுவே நூறு, இருநூறு என்று எகிறினால் கோளாறு வைஃபையில். டெஸ்க்டாப்பை மட்டுமாவது லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்தால் பாதிப் பாதை வைஃபையை விட்டு வெளியே வந்துவிடும். மவுஸின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதால் இது சரியாகாது.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, சான்றிதழ் பிழை வந்தால், இணைப்பில் போவதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் டிஎல்எஸ்ஸை அணைத்துவிடுவது. "அதை எடுத்துட்டா கனெக்ட் ஆயிடும் சார்" என்று சொல்வார்கள், ஆகவும் செய்யும். ஆனால் அந்த இணைப்பில் போவது நாம் அடிக்கும் ஒவ்வொரு விசையும். பேங்க் பாஸ்வேர்டை லேப்டாப் திரையில் அடித்தாலும் அது டெஸ்க்டாப்பிலிருந்து நெட்வொர்க் வழியாகத்தான் போகிறது. டிஎல்எஸ் இல்லையென்றால் அதே வைஃபையில் இருக்கும் விவரமான ஒரு ஆள் அதை அப்படியே படிக்கலாம். இரு பக்கமும் டிஎல்எஸ் ஆன் இருக்கட்டும். ஒரு பக்கம் ஆன், மறுபக்கம் ஆஃப் என்றால் இணையாது. முதல் தடவை கைரேகை மாதிரி நீளமான எண்-எழுத்து வரிசை ஒன்றைக் காட்டி, நம்பலாமா என்று கேட்கும். சர்வரில் காட்டுவதோடு ஒப்பிட்டுப் பார்த்து ஆம் சொல்லுங்கள்.

தமிழில் அடிப்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. இந்த மென்பொருள்கள் எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை மட்டும் அனுப்புவதில்லை. சர்வரின் கீபோர்டு அமைப்பில் அந்த விசை எந்த எழுத்தைத் தருகிறது என்பதையும் சேர்த்தே அனுப்புகின்றன. கிளையண்ட் அந்த எழுத்துக்கான விசையைத் தன்னிடம் தேடும். டெஸ்க்டாப்பைத் தமிழ்99-இல் வைத்துக்கொண்டு லேப்டாப்புக்குப் போனால், லேப்டாப் ஆங்கிலத்தில் இருக்கும்போது அதனிடம் 'க' என்றொரு விசையே கிடையாது. ஒன்றும் விழாது, அல்லது கன்னாபின்னாவென்று விழும். வழி இதுதான்: சர்வரை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, எந்தத் திரையில் அடிக்கிறோமோ அந்த மெஷினில் தமிழ்99-ஐ ஆன் செய்வது. அப்போது சர்வர் வெறும் `h` அனுப்பும். அதைக் 'க' ஆக்குவது லேப்டாப்பின் வேலை.

காப்பி, பேஸ்ட்டும் திரைக்குத் திரை போகும். யூனிகோட் தமிழ் சேதமில்லாமல் போய்ச் சேரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததைக் காப்பி செய்தால், அந்தப் பக்கம் அதே எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் வரை ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். மென்பொருள் கெடுத்துவிட்டது என்று அதை அன்இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

கடைசியாக, அனுமதி சம்பந்தப்பட்ட இரண்டு இடங்கள். விண்டோஸில் அட்மின் உரிமையோடு திறந்த ஜன்னல் முன்னால் வந்ததும் மவுஸ் செத்துப்போனால், மென்பொருளின் அமைப்புகளில் `Elevate` என்று இருப்பதைப் பாருங்கள். சாதாரண உரிமையில் ஓடும் மென்பொருளை அட்மின் ஜன்னலுக்குள் கை வைக்க விண்டோஸ் விடுவதில்லை. உபுண்டுவில் இணைந்தும் மவுஸ் நகரவில்லை என்றால் டெர்மினலில் `echo $XDG_SESSION_TYPE` அடியுங்கள். `wayland` என்று வந்தால் பேரியர் அங்கே வேலைக்கு ஆகாது. புதிய டெஸ்க்ஃப்ளோ, இன்புட் லீப் இரண்டும் வேலேண்டில் அனுமதி கேட்டு ஓடும், ஆனால் அதற்கு உபுண்டுவும் ஓரளவு புதிதாக இருக்க வேண்டும். பழைய உபுண்டு என்றால் லாகின் திரையில் உள்ள பல்சக்கரத்தைத் தட்டி `Ubuntu on Xorg` என்பதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். நண்பரின் இடது பக்க லேப்டாப் இப்போது அப்படித்தான் ஓடுகிறது.